இதயத்தில் டிபி, முதுகில் டிபி: ஸ்டீராய்டு யாருக்கு, ஆபரேஷன் யாருக்கு?

கேள்வி:

டாக்டர் ஐயா, நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரருக்கு 42 வயது, டேனரியில் வேலை. மூன்று மாதமாக நடந்தால் மூச்சு வாங்கியது, சாயங்காலம் ஆனால் கால் வீங்கியது. கெமிக்கல் நெடி ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு இடத்தில் இன்ஹேலர் கொடுத்தார்கள். கடைசியில் எக்கோ எடுத்துப் பார்த்தால் இதயத்தைச் சுற்றி நீர். வேலூரில் முக்கால் லிட்டர் எடுத்தார்கள். நீரில் கிருமி தெரியவில்லை, ஆனாலும் டிபிதான் என்கிறார்கள். எச்.ஐ.வி. இல்லை, சர்க்கரையும் இல்லை. டிபி மாத்திரையோடு ஸ்டீராய்டும் தினம் 60 மில்லிகிராம் தருகிறார்கள்.

இதே சமயத்தில் என் அண்ணன் மகளுக்கு (10 வயது) முதுகெலும்பில் டிபி என்று தெரிந்தது. ஐந்து மாதம் வலி என்று அழுதாள், பள்ளிக்கூடப் பைதான் காரணம் என்று இருந்துவிட்டோம். அவளுக்கு ஸ்டீராய்டு கிடையாது என்கிறார்கள். ஒரு டாக்டர் உடனே ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் மாத்திரை போதும் என்கிறார். நன்றாக நடக்கிறாள். எதை நம்புவது? என் வீட்டுக்காரரிடமிருந்துதான் அவளுக்கு ஒட்டியதா? எக்ஸ்ரே, ரிப்போர்ட் நகல்களை இணைத்திருக்கிறேன்.

— பெயர் வேண்டாம், ஆம்பூர்

பதில்:

கிருமி ஒன்றுதான் அம்மா, ஆனால் அது செய்யும் கெடுதல் இடத்துக்கு இடம் வேறு. இரண்டு பேருக்கும் கிருமியைக் கொல்வது டிபி மாத்திரைதான். ஸ்டீராய்டும் ஆபரேஷனும் கிருமிக்கான மருந்தல்ல, கிருமி விட்டுவைக்கும் சேதத்துக்கானவை. அதனால்தான் இருவருக்கும் வைத்தியம் பிரிகிறது.

உங்கள் வீட்டுக்காரரிடமிருந்து தொடங்குகிறேன். இதயத்தை மூடியிருக்கும் உறைக்குள் டிபி கிருமி புகுந்தால், உடம்பு அதை எதிர்த்துக் கொதித்தெழும். அந்த அழற்சியில்தான் நீர் சுரக்கிறது. கிருமி மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும், அதனால் நீரை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. சிபிநாட் பரிசோதனையும் கணிசமான பேருக்குத் தவறவிடும். கல்ச்சர் வளர வாரக்கணக்கில் ஆகும், வளர்ந்தாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் வளரும். ஆகவே நாங்கள் பல சாட்சிகளைச் சேர்த்துத்தான் முடிவுக்கு வருகிறோம். அவர் ரிப்போர்ட்டில் நீரில் புரதம் அதிகம், அணுக்களில் லிம்போசைட் அதிகம், ஏ.டி.ஏ. 72. இந்த ஏ.டி.ஏ. 40-க்கு மேல் போனால் டிபியை நோக்கிக் கை காட்டுகிறது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். நம் ஊரில் இந்த மூன்றும் சேர்ந்திருக்க, புற்றுநோய் அணுக்கள் நீரில் இல்லையென்றால், கிருமி கண்ணில் படாவிட்டாலும் மாத்திரையைத் தொடங்குவது சரிதான். கல்ச்சர் முடிவை மட்டும் மறக்காமல் போய்க் கேட்டு வாங்குங்கள். ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத கிருமி என்றால் அது அங்கேதான் தெரியவரும்.

இன்ஹேலர் கொடுத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை. வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை மூச்சுத்திணறல் என்றாலே தோல் வேலையின் மேல் பழியைப் போடுவது பழக்கமாகிவிட்டது. ஆனால் நுரையீரல் கோளாறில் மூச்சு வாங்குபவருக்கு ஆரம்பத்திலேயே கால் வீங்குவது அரிது. மூச்சு வாங்கலும் கால் வீக்கமும் கழுத்து நரம்பு புடைப்பும் சேர்ந்தால் இதயத்தைப் பார்க்க வேண்டும். நீர் இதயத்தை அழுத்தும்போது மூச்சை உள்ளிழுக்கையில் மேல் ரத்த அழுத்தம் 10 புள்ளிக்கு மேல் இறங்கும். சாதாரண பி.பி. கருவியை வைத்துக்கொண்டு எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதைக் கண்டுபிடிக்கலாம்.

இப்போது ஸ்டீராய்டு. நீர் வற்றிவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அழற்சி ஆறும்போது சிலருக்கு உறை தழும்பாகித் தடித்து, நனைந்த தோல் காய்ந்து விறைத்துப்போவது போல இதயத்தைச் சுற்றி இறுகிவிடும். இதயம் விரிந்து ரத்தத்தை வாங்க முடியாது. வயிறு உப்பும், கால் வீங்கும், ஈரல் நோய் என்று தவறாக நினைத்து அலைபவர்களும் உண்டு. இந்த இறுக்கத்தைக் குறைக்கத்தான் ஸ்டீராய்டு.

அது உண்மையில் குறைக்கிறதா? பதில் கொஞ்சம் சிக்கலானது. ஆப்பிரிக்காவின் 8 நாடுகளில் 1400 நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வு 2014-ல் வெளிவந்தது. இறப்பு, நீர் அழுத்தம், இறுக்கம் மூன்றையும் சேர்த்து எண்ணினால் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. இறுக்கத்தை மட்டும் தனியே எடுத்தால் எடுக்காதவர்களில் 7.8 சதவீதம், எடுத்தவர்களில் 4.4 சதவீதம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கோ சில வகைப் புற்றுநோய் கூடியது. இதனால் உயிர் காக்கும் மருந்து என்று இதைச் சொல்ல மாட்டேன். எச்.ஐ.வி. இல்லாத, நீர் நிறையச் சேர்ந்த ஒருவருக்கு, பின்னால் நெஞ்சைத் திறக்க வேண்டி வரும் வாய்ப்பைக் குறைக்கும் மருந்து. நுரையீரல் அல்லாத டிபிக்கு 2016-ல் வந்த நம் நாட்டு வழிகாட்டுதலும் இத்தகையவருக்கு ஸ்டீராய்டு தரச் சொல்கிறது. உங்கள் வீட்டுக்காரருக்கு நானும் கொடுத்திருப்பேன்.

60 மில்லிகிராம் அதிகம் என்று பயப்படாதீர்கள். டிபி மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின், ஈரலைத் தூண்டி ஸ்டீராய்டைச் சீக்கிரம் கரைத்துவிடும். அதனால்தான் அந்த ஆய்வில் தினம் 120-ல் தொடங்கி 90, 60, 30, 15, 5 என்று வாரத்துக்கு ஒருபடி இறக்கி ஆறு வாரத்தில் முடித்தார்கள். நம் பக்கம் பலர் 60-ல் தொடங்குகிறோம். முக்கியம் படிப்படியாக இறக்குவதுதான், நீங்களாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. சர்க்கரை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஸ்டீராய்டு நடக்கும்போது புதிதாக ஏறலாம், வாரம் ஒருமுறை பாருங்கள். டிபி மாத்திரை வழக்கமாக ஆறு மாதம்.

நீர் வற்றிய பிறகும் வயிறும் காலும் வீங்கியே இருந்தால் மறுபடி எக்கோ வேண்டும். மாத்திரை தொடங்கி 4 முதல் 8 வாரம் ஆகியும் இறுக்கம் தளராமல் அல்லது கூடிக்கொண்டே போனால் உறையை உரித்தெடுக்கும் ஆபரேஷனைப் பற்றி யோசிப்போம். சுண்ணாம்பு படிந்து கல்லாகும் வரை தள்ளிப்போட்டால் அந்த ஆபரேஷன் ஆபத்தானது, அவசரப்பட்டாலும் தானே தளரக்கூடியதைக் கிழித்த பாவம் வரும்.

குழந்தையின் கதை வேறு. முதுகெலும்பில் சேதம் அழற்சி நீரால் அல்ல, எலும்பு கரைவதால். இரண்டு எலும்புகளும் நடுவிலிருக்கும் வட்டும் அரிக்கப்பட்டு, பக்கத்தில் சீழ் கட்டி, முன்பக்கம் சரிகிறது. கரைந்த எலும்பை ஸ்டீராய்டு கட்டித் தராது, அது எலும்பை மேலும் மெலிய வைக்கக்கூடியது. யாராவது வலிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் நாலு நாள் வலி குறையும், நோய் மறைவில் வளரும். முதுகெலும்பு டிபிக்கு ஸ்டீராய்டு வழக்கமான வைத்தியம் அல்ல.

நோயைக் கண்டுபிடிப்பதிலும் தாமதம் இயல்பு. எலும்பு மூன்றில் ஒரு பங்காவது கரையும் வரை எக்ஸ்ரே பெரும்பாலும் சும்மா இருக்கும். இரவில் எழுப்பும் வலி, குனிய மறுப்பு, விளையாட்டை விட்டு உட்கார்ந்துவிடுதல், இவை இருந்தால் எம்.ஆர்.ஐ.தான் துணை. குழந்தையின் எம்.ஆர்.ஐ.யில் டி12, எல்1 எலும்புகளும் இடையிலுள்ள வட்டும் சிதைந்து பக்கத்தில் சீழ் இருக்கிறது, டிபியின் சாயல்தான். ஆனால் சாயல் மட்டும் போதாது. ஆடுமாடு, பச்சைத்தோல் கையாளும் வீடுகளில் புரூசெல்லா என்ற கிருமியும் முதுகெலும்பைத் தாக்கும், ரத்தப் பரிசோதனை அதை விலக்கும். ஊசி விட்டு எடுத்த திசுவை ஒரு பங்கு ஃபார்மலினிலும் இன்னொரு பங்கு ஃபார்மலின் இல்லாமல் கல்ச்சர், சிபிநாட் இரண்டுக்கும் அனுப்ப வேண்டும். முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துப்போகும், மருந்துக்குக் கட்டுப்படுமா என்று பார்க்க வழியிருக்காது. ரிப்போர்ட்டில் கல்ச்சர் போட்ட குறிப்பு இருப்பதால் நிம்மதி.

ஆபரேஷன் பற்றிய சண்டைக்கு விடை தேட நாம் வெளிநாடு போக வேண்டாம். சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையம் முன்னின்று நடத்திய ஆய்வில் ஒரு பகுதியினருக்கு எலும்பை வெட்டி எடுத்து ஒட்டுவைத்து ஆறு மாத மாத்திரை, மற்றவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமல் ஆறு அல்லது ஒன்பது மாத மாத்திரை. 1999-ல் வந்த 10 ஆண்டு முடிவில் நலமாக இருந்தவர்கள் முறையே 90, 94, 99 சதவீதம். ஆபரேஷன் செய்ததால் கூடுதல் லாபம் இல்லை. ஆனால் நடக்க முடியாத அளவு கால் விழுந்தவர்களை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள். இப்போது நம் வழிகாட்டுதல்படி முதுகெலும்புக்கு 12 மாதம் மாத்திரை.

ஆக, காலில் பலம் குறையாத உங்கள் அண்ணன் மகளுக்கு மாத்திரையே முதல் வைத்தியம், முதுகுப் பட்டையோடு. உடனே ஆபரேஷன் என்றவரும் முட்டாள் அல்ல, அவர் பயப்படுவது கூனை. அந்தப் பயத்தை அளந்து பார்க்கலாம். எஸ். ராஜசேகரனும் டி.கே. சண்முகசுந்தரமும் சென்னை நோயாளிகளை வைத்து 1987-ல் ஒரு கணக்கு தந்தார்கள்: எலும்புகள் கரைந்த பங்கைக் கூட்டி 30.5-ஆல் பெருக்கி 5.5 சேர்த்தால், கடைசியில் வளைவு எத்தனை டிகிரி என்று ஏறத்தாழத் தெரியும். எக்ஸ்ரேயில் டி12-ல் பாதியும், எல்1-ல் பத்தில் மூன்றும் போயிருக்கிறது. அதாவது 0.8. கணக்கு சுமார் 30 டிகிரி சொல்கிறது. வெளியே பெரிதாகத் தெரியாத வளைவு.

ஆனால் குழந்தைக்கு இத்தோடு முடியாது, வளர்ச்சி இருக்கிறதே. ஆபரேஷன் இல்லாமல் குணமான 60-க்கும் மேற்பட்ட குழந்தைகளை ராஜசேகரன் 15 ஆண்டு பின்தொடர்ந்தார். நோய் ஆறிய பிறகும் 39 சதவீதத்தினருக்கு வளைவு கூடியது, 44 சதவீதத்தினருக்குத் தானே குறைந்தது. யாருக்குக் கூடும் என்பதை எக்ஸ்ரேயில் நான்கு அடையாளங்கள் காட்டும்: பின்பக்க மூட்டு விலகுதல், எலும்புத் துண்டு தண்டுவடப் பக்கம் பின்தள்ளுதல், பக்கவாட்டில் நகர்தல், மேல் எலும்பு முன்னே கவிழ்தல். இரண்டுக்கு மேல் தென்பட்டால் வளர்ந்து முடிவதற்குள் நிமிர்த்தி நிறுத்த வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அது படுத்த நிலையில் எடுத்தது. நின்ற நிலையில் பக்கவாட்டுப் படம் எடுத்து இந்த நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மாத்திரை முடிந்த பிறகு வளர்ச்சி நிற்கும் வரை வருடம் ஒருமுறை. நடுவில் எம்.ஆர்.ஐ. எடுத்துச் சீழ் கூடியிருக்கிறது என்றால் உடனே கலங்க வேண்டாம், வலியும் எடையும் தேறுகிறதா என்பதே பெரிய சாட்சி. கால் தடுமாறினாலோ சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ மட்டும் அன்றே ஆஸ்பத்திரி. மாத்திரையில் எத்தாம்பியூட்டால் இருப்பதால், நிறம் மங்கித் தெரிகிறது என்றாலும் சொல்லுங்கள்.

ஒட்டியது பற்றி. இதயத்திலும் முதுகிலும் அடைந்து கிடக்கும் டிபி இருமலில் வெளியே வராது. அவர் அவளுக்குத் தரவில்லை, அவளும் அவருக்குத் தரவில்லை. இருவருமே நுரையீரல் டிபி உள்ள வேறு ஒருவரிடமிருந்து வாங்கியிருக்கிறார்கள், அது வருடங்களுக்கு முன்பாகவும் இருக்கலாம். இரு வீட்டிலும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமும் பெரியவர் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். கடிதத்தின் ஓரத்தில், பாட்டிக்கு எப்போதும் இருமல் என்று எழுதி அடித்திருக்கிறீர்கள். அவரைச் சளி பரிசோதனைக்கும் நெஞ்சு எக்ஸ்ரேவுக்கும் இந்த வாரமே அழைத்துப் போங்கள். அரசு மையத்தில் கட்டணம் இல்லை.