மாசி மகத்துக்கு மல்லிகை

மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் ஸ்ரீ சௌரிராஜப் பெருமாள், காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினக் கடற்கரைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி கண்டருளுவதை அன்பர்கள் அறிவர். அன்று மல்லிகை மாலை சமர்ப்பிக்க விழையும் சிறு தோட்டக்காரர், கார்த்திகையிலேயே பணியைத் தொடங்கியாக வேண்டும்.

குண்டுமல்லிகைக்குப் பங்குனி முதலே நல்ல பருவம். கார்த்திகை நடுவில், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்துச் செய்தால், ஏறத்தாழ மூன்று மாதத்தில் முதற்பூ காணலாம். இக்கடற்கரையில் அடைமழை நீடிப்பதும் அக்காலத்தில்தான். நீர் வடியாத மண்ணில் தளிர் மஞ்சளித்துத் தயங்கும். ஆதலின் வடிகாலே முதற்கவலை.

பத்து சென்ட் நிலத்தில், நாலடி இடைவெளியில் ஏறத்தாழ 270 செடிகள் நிற்கும். அனைத்தையும் ஒருங்கே வெட்டலாகாது. பாதியை முதலிலும், மறுபாதியை மூன்று வாரங் கழித்தும் வெட்டினால், முன்னது மகத்துக்கும் பின்னது அடுத்துவரும் முகூர்த்தங்களுக்கும் உதவும். பந்தல் அலங்காரக்காரர் ஒரு நாள் கூடை கூடையாய்க் கேட்பார், மறுநாள் கேளார். பூக்கடையோ அன்றைய விலை பார்த்தே வாங்கும். கோயிலுக்குத் தேவை சில முழமே. எனினும் ஒரு நாளும் தவறலாகாது. எனவே திருமாலைக்குரியதை முதலில் எடுத்துவைத்த பின்னரே மற்றவருக்கு வாக்களித்தல் முறை.

பறிப்பது விடியுமுன். பச்சை நீங்கி வெளுத்துப் பருத்த மொட்டே அன்று மாலை மலரும். அளவு கூட்டுவதற்காகப் பறித்த பச்சை மொட்டு மலராது, மணமும் தாராது. மாலையில் கல்லாய் நிற்கும். மொட்டு ஊதா நிறம் பாய்ந்து துளைபட்டிருப்பின் புழு உண்டென அறிந்து விலக்குக.

மகம் முந்தி வரும் ஆண்டில் பூ குறையும். அப்போது திருத்துழாயை நெருக்கித் தொடுத்து, இடையிடையே மல்லிகை சேர்க்கலாம்.