குழுவில் எழுந்த சச்சரவும் தனியே எழுதும் மடலும்

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்களின் கரைகளில், தண்ணீர் முறை பற்றிய பேச்சு முன்னாளில் மடையடியிலேயே நடந்து முடிந்தது. இன்று அதில் ஒரு பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் நடைபெறுகிறது. மடையடியில் சொன்ன கடுஞ்சொல்லை நாலைந்து பேர் கேட்டனர். அது காற்றோடு போயிற்று. குழுவில் எழுதியதையோ ஊரார் அனைவரும் படிக்கின்றனர். எழுத்தும் அழியாது நிற்கிறது. சச்சரவு ஓய்ந்ததும் மற்றவர்கள் மறந்துவிடுவர். புண்பட்ட ஒருவர் மட்டும் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பார். அவருக்குத் தனியே எழுதவேண்டிய மடலைப் பற்றி இங்கு ஆராய்வோம்.

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நிகழக்கூடிய ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தை மாதம், பிசான நெல் பால்பிடிக்கும் தருணம். இரண்டு நாட்களாகத் தம் வயலுக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று கடைமடை விவசாயி ஒருவர் குழுவில் முறையிடுகிறார். பேச்சு முற்றுகிறது. "இராத்திரியில் மடைப்பலகையைத் தூக்குகிறவருக்குத் தண்ணீர் எப்படிப் பற்றாமல் போகும்?" என்று மேல்மடைக்காரர் எழுதிவிடுகிறார். சிலர் சிரிப்புக் குறி இடுகின்றனர். கடைமடைக்காரர் அதன்பின் ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால், வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கிறது.

இங்கே இரண்டு காரியங்கள் உள்ளன. தண்ணீர் முறை பற்றிய வழக்கு ஒன்று. பலர் முன்னிலையில் திருடர் என்று பெயர் சூட்டியது மற்றொன்று. மடல் இரண்டாவதற்கு மட்டுமே உரியது. முதலாவதையும் அதில் சேர்த்தால் சண்டை மீண்டும் தொடங்கும்.

பெரும்பாலோர் எழுதுவது இப்படி இருக்கும்: "நேற்று நான் எழுதியது உங்கள் மனத்தைப் புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன். ஆனால் நீங்களும் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது." இதில் 'புண்படுத்தியிருந்தால்' என்ற சொல், குற்றம் நடந்ததா என்பதையே ஐயத்தில் விடுகிறது. 'ஆனால்' என்ற சொல், கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. இதைப் பெறுவதைவிட ஒன்றும் பெறாதிருப்பதே அவருக்கு மேல்.

மாறாக இவ்வாறு எழுதலாம்:

"அண்ணாச்சி, வணக்கம். நேற்றிரவு குழுவில் நீங்கள் இராத்திரியில் மடைப்பலகையைத் தூக்குவதாக எழுதினேன். நான் அதைக் கண்டதில்லை. கோபத்தில் எழுதிய பொய் அது. எல்லோரும் பார்க்க உங்களைத் தலைகுனிய வைத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். நான் சொன்னது தவறு என்று குழுவில் இன்றே எழுதிவிடுகிறேன். நீங்கள் பதில் எழுத வேண்டும் என்பதில்லை."

இம்மடல் செய்த தவற்றைப் பெயர் சொல்லிக் கூறுகிறது. தான் செய்யப்போவதைச் சொல்கிறது. பதிலையோ சமாதானத்தையோ கேட்டு அவர்மேல் சுமை ஏற்றவில்லை. 'அன்றைக்கு உடம்பு சரியில்லை' என்பன போன்ற காரணங்களும் இதில் இல்லை. காரணம் உண்மையாயினும், படிப்பவருக்கு அது சாக்காகவே தோன்றும்.

இதை அன்றிரவே எழுதலாகாது. சினம் எழுத்தில் தெரிந்துவிடும். அடுத்த தண்ணீர் முறை வரும்வரை ஒத்திப்போடவும் கூடாது; அப்போது காரியம் ஆவதற்காக எழுதியதாகவே எண்ணப்படும். மறுநாள் காலையே தக்க வேளை. குழுச் செய்தியை அழுத்தி "Reply privately" என்பதைத் தேர்ந்தால் அச்செய்தியும் மேற்கோளாகத் தலைப்பில் வந்து நிற்கும். அப்படிப் புண்படுத்திய சொல்லை மறுபடி அவர் கண்முன் வைக்காமல், அவருடைய எண்ணைத் திறந்து புதிதாக எழுதுவதே நன்று. குழுவில் எழுதியதைச் சொல்லாமல் அழித்துவிடுவதும் தீர்வன்று. 'அழிக்கப்பட்டது' என்ற குறிப்பு அங்கே நிற்கும். படித்தவர்கள் படித்ததும் படித்ததே.

தனிமடல் ஆற்றுவது மனக்காயத்தை மட்டுமே. பலர் முன் கெட்ட பெயர் பலர் முன்தான் திருந்த வேண்டும். ஆகவே குழுவில் இரண்டு வரி போதும்: "மடைப்பலகை பற்றி நான் எழுதியது தவறு. வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்திருந்ததே காரணம்." முதலில் தனிமடல், பின்னர் குழு என்பதே முறை. மாறிச் செய்தால் ஊருக்காகச் செய்ததாக அவர் எண்ணக்கூடும்.

நீலக்குறி விழுந்தும் பதில் வராதிருக்கலாம். அதனால் இரண்டாம் மடல் எழுதக் கூடாது. பிறரைத் தூது விடவும் கூடாது. அவர் மறுபடி குழுவில் தண்ணீர் பற்றிக் கேட்கத் தொடங்குகிறாரா என்பதே கவனிக்க வேண்டிய அடையாளம். கேட்டால், மேல்மடைக்காரர் நேரான விடை ஒன்று எழுதட்டும். அவர் மௌனமாகவே இருந்தால், கடைமடை காய்வதை ஊர் அறியும் வழி ஒன்று அடைபட்டது என்றே பொருள். அப்போது பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் நேரில் சென்று வயலைப் பார்த்து வருவது நலம்.

சாதியைச் சொல்லி இழிவுசெய்ததும் மிரட்டியதும் தனிமடலில் தீரும் காரியங்கள் அல்ல, அவை சட்டத்தின்பாற்பட்டவை. அவற்றில் 'தனியே பேசி முடித்துக்கொள்ளுங்கள்' என்று புண்பட்டவரை வற்புறுத்துவது, அவருக்கு இழைக்கும் இரண்டாவது தீங்காகும்.