பள்ளி ஆட்டோ: ஐந்து பிள்ளைகள், ஒரு கணக்கு



பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தை ஒட்டி நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு இரண்டு வகையான ஆட்கள் வருகிறார்கள். வட்டியில்லாக் கடன் கொடுத்தால் ஆட்டோ வாங்கிப் பள்ளிச் சவாரி ஓட்டலாம் என்று வரும் வாலிபர்கள் ஒரு வகை. ஆட்டோவுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள், கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள் என்று வரும் பெற்றோர் இன்னொரு வகை. இருவர் பேசுவதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள்தாம். அந்தக் கணக்குத் தெரியாமல் பேரம் பேசும்போது, குறைகிற பணத்தைப் பிள்ளைகள் இட நெருக்கடியாகச் சுமக்கிறார்கள். ஆகவே இந்த மாதப் பாடமாக அதையே எடுத்துக்கொள்வோம்.

சோதனை செய்வது யார்?

2012 ஜூலையில் தாம்பரம் அருகே, ஓடிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். அதன் பிறகே தமிழ்நாடு அரசு பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனிச் சிறப்பு விதிகளைக் கொண்டுவந்தது. இன்று கோடை விடுமுறையில் பள்ளி வாகனங்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, வட்டாரப் போக்குவரத்து அலுவலரும் காவல் துறையினரும் கல்வித் துறையினரும் தரை, படிக்கட்டு, அவசர வழி என்று பார்க்கிறார்கள்.

ஆனால் நாமே பேசி அமர்த்துகிற ஆட்டோவும் வேனும் அந்த மைதானத்துக்கு வருவதில்லை. பள்ளி நிர்வாகமும் அதைத் தன் வாகனமாகக் கருதுவதில்லை. எனவே அதைச் சோதிக்க வேண்டியவர்கள் பெற்றோராகிய நாம்தாம்.

எத்தனை பேர் ஏறலாம்?

ஆட்டோவின் ஆர்.சி.யில் டிரைவர் நீங்கலாக மூன்று இருக்கைகள்தாம் எழுதியிருக்கும். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஒன்றரை மடங்கு என்ற கணக்கில் ஐந்து பேர் வரை ஏற்றலாம். பன்னிரண்டு வயதைத் தாண்டியவருக்கு முழு இருக்கை, ஆகவே மூன்று பேர்தான். வேனுக்கும் ஆர்.சி.யில் உள்ள இருக்கை எண்ணிக்கையை வைத்தே கணக்கு. கூடுதலாக ஏற்றினால் ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. கூடுதல் ஆட்களை இறக்கி, வேறு வண்டி ஏற்பாடு ஆகும் வரை வாகனத்தை நகர விடாமல் நிறுத்தவும் அதில் இடமுண்டு.

ஐந்துக்கு மேல் போனதை எப்படி அறிவது? காலையில் தெருமுனையில் பார்த்தால் எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் மற்ற பிள்ளைகள் அடுத்த தெருவில் ஏறுவார்கள். ஆகவே ஒரு நாள் பள்ளி வாசலில் நின்று, இறங்குகிற பிள்ளைகளை எண்ணுங்கள். பின் சீட்டுக்கு எதிரே குறுக்குப் பலகை போட்டிருக்கிறதா, டிரைவர் சீட்டின் ஓரத்தில் யாராவது உட்கார்ந்து வருகிறார்களா என்று பாருங்கள். டிரைவருக்கு அருகே பிள்ளை உட்கார்ந்தால் ஹேண்டில்பாரைத் திருப்பும் கை தடுபடும். ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கினால் அந்தப் பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

நம் மஹல்லாவிலிருந்து நான்கு கிலோமீட்டரில் பள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். தெருத் தெருவாகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, காலி வண்டியாகத் திரும்ப ஒரு நடைக்குப் பத்து கிலோமீட்டர் ஆகும். காலையில் இரண்டு நடை, மாலையில் இரண்டு நடை என்றால் நாளுக்கு 40 கிலோமீட்டர். நின்று நின்று ஓடும் வண்டிக்கு லிட்டருக்கு 25 கிலோமீட்டர் கிடைக்கும் என்றும், பெட்ரோல் 100 ரூபாய் என்றும் வைத்தால் நாளுக்கு 160 ரூபாய், 22 பள்ளி நாட்களுக்கு 3,520 ரூபாய். இவை எடுத்துக்காட்டு எண்கள். உங்கள் தூரத்தையும் விலையையும் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

நடைக்கு ஐந்து பேர் வீதம் பத்துப் பிள்ளைகள், தலைக்கு 1,000 ரூபாய் என்றால் மாத வரவு 10,000. எரிபொருள் போக 6,480. பத்து மாதத்துக்கு 64,800. இன்சூரன்ஸ், எஃப்.சி., டயர், பிரேக், ஆயில் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 24,000 ஆகிறது என்று வைப்போம். வண்டி வெளிச் சவாரியும் ஓடுவதால் பாதியை மட்டும், அதாவது 12,000 ரூபாயைப் பள்ளிச் சவாரியின் மேல் போட்டால் மிச்சம் 52,800. பள்ளி இருந்தாலும் விடுமுறை ஆனாலும் வீட்டுச் செலவு பன்னிரண்டு மாதமும் உண்டு. ஆகவே பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 4,400 ரூபாய். காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் என்ற உழைப்புக்கு இது மணிக்கு 60 ரூபாய்க் கூலி.

இப்போது பெற்றோர் பேசிப் பேசி 1,000 ரூபாயை 700 ஆக்கினார்கள் என்று வையுங்கள். அதே கணக்கை அதே வழியில் போட்டால் மாதத்துக்கு மிஞ்சுவது 1,900 ரூபாய். இதற்கு யாரும் விடியற்காலையில் வண்டி எடுக்க மாட்டார்கள். ஆனால் நடைக்கு ஐந்துக்குப் பதில் ஏழு பேரை ஏற்றினால் வரவு 9,800 ஆகி, மிச்சம் மறுபடியும் 4,200 ரூபாய்க்கு மேல் போய்விடும். நாம் குறைத்த முந்நூறு ரூபாய், ஒவ்வொரு நடையிலும் இரண்டு பிள்ளைகளாகக் குறுக்குப் பலகையில் வந்து உட்காருகிறது. கட்டணத்தைக் குறைத்துக்கொண்டு, “ஏன் இத்தனை பேரை ஏற்றுகிறீர்கள்?” என்று டிரைவர் பாயிடம் கேட்பதில் நியாயம் இல்லை. அதேபோல், முழுக் கட்டணமும் வாங்கிக்கொண்டு ஏழு பேரை ஏற்றுவது பேச்சை முறிப்பதாகும். அந்தக் கூடுதல் வருமானத்தை நேர்மையான உழைப்பின் பலன் என்று சொல்ல முடியாது.

கடன் கேட்டு வரும் வாலிபர்களும் இதே கணக்கைப் பார்க்க வேண்டும். இரண்டாவது நடை ஓட வேண்டுமானால் இரண்டு பள்ளிகளின் மணி நேரத்துக்கு இடையில் முக்கால் மணி நேரமாவது வேறுபாடு வேண்டும். ஒரே பள்ளி, ஒரே நடை என்றால் மேலே சொன்ன 4,400 ரூபாய் 1,700 ஆகச் சுருங்கிவிடும். மாதத் தவணை 6,000 என்றால் இரண்டு நடை ஓடினாலும் பள்ளிச் சவாரி மட்டும் தவணைக்குக்கூடப் போதாது. பள்ளிச் சவாரி என்பது நிச்சயமாக வரும் அடித்தள வருமானம், அவ்வளவுதான். காலை ஒன்பதரை முதல் மூன்று மணி வரை மார்க்கெட், மருத்துவமனை, ரயில் நிலையம் என்று வேறு சவாரி கையில் இருந்தால்தான் குடும்பம் நடக்கும். மே மாதத்துக்கு என்ன செய்வது என்பதையும் மனு எழுதும்போதே யோசித்து வாருங்கள்.

நம்பர் பிளேட்டும் இன்சூரன்ஸும்

வாடகைக்கு ஓடும் வண்டியின் நம்பர் பிளேட் மஞ்சள் நிறத்தில் கறுப்பு எழுத்தோடு இருக்கும். மின்சார வண்டி என்றால் பச்சையில் மஞ்சள் எழுத்து. வெள்ளை பிளேட் போட்ட வேன் சொந்த உபயோக வண்டி. வாடகை குறைவு என்று அதில் பிள்ளைகளை அனுப்பும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அந்த வண்டியின் பாலிசியிலேயே வாடகைக்கு ஓட்டக்கூடாது என்ற நிபந்தனை இருக்கும். ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கையில் எடுப்பது அந்த நிபந்தனையைத்தான். பர்மிட் இல்லாத வண்டியில் கம்பெனி பணத்தைக் கொடுத்தாலும், பிறகு அதை உரிமையாளரிடமிருந்து வசூலிக்கலாம் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஒரு வேனை நம்பிப் பிழைக்கும் சகோதரரின் வீடு வாசல் அதில் போய்விடும்.

எண்ணிக்கையும் இங்கே வந்து நிற்கிறது. 2007-இல் உச்ச நீதிமன்றம் ஒரு பேருந்து விபத்து வழக்கில், எத்தனை பயணிகளுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறதோ அத்தனை பேர் அளவுக்குத்தான் கம்பெனிக்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. கூடுதலாக ஏற்றினால், கம்பெனி தரும் அளவான தொகையை எல்லாப் பிள்ளைகளின் குடும்பங்களும் பங்கு போட வேண்டி வரலாம். மீதிக்கு உரிமையாளரைத் தேடிப் போக வேண்டும்.

இதைச் சரிபார்க்க யாரிடமும் சண்டை போட வேண்டியதில்லை. செல்போனில் mParivahan செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் அது எந்த வகை வண்டி, எஃப்.சி. எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை என்று தெரியும். பாலிசியில் எழுதியுள்ள பயணிகள் எண்ணிக்கையை மட்டும் உரிமையாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

வேனில் இன்னொன்றையும் பாருங்கள். 2020 பிப்ரவரியில் பஞ்சாபின் லோங்கோவாலில் பழைய பள்ளி வேன் ஒன்று ஓடும்போதே தீப்பிடித்து நான்கு சிறு பிள்ளைகள் இறந்தார்கள். எனவே கதவு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் எளிதாகத் திறக்கிறதா என்று நீங்களே ஒரு முறை திறந்து மூடிப் பாருங்கள். வண்டிக்குள் பெட்ரோல் வாடையோ கேஸ் வாடையோ வந்தால் அன்றைக்குப் பிள்ளையை ஏற்றாதீர்கள்.

ஏறும்போதும் இறங்கும்போதும்

வண்டி ஓடும் நேரத்தைப் போலவே இறங்கிய பிறகு வரும் அரை நிமிடமும் ஆபத்தானது. எல்.கே.ஜி. பிள்ளை வண்டியின் முன்பக்கம் குனிந்து எதையாவது எடுத்தால் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. வீட்டுப் பக்கமாக இடப்புறத்தில் மட்டும் இறக்கிவிடுவது, பிள்ளையைப் பெரியவர் கையில் ஒப்படைத்த பிறகே வண்டியை நகர்த்துவது, ஆள் பின்னால் நிற்காமல் ரிவர்ஸ் எடுக்காதிருப்பது ஆகிய மூன்றும் பழக்கமாக வேண்டும். வாசலில் ஹாரன் அடித்துக் காத்திருக்க வைக்காமல் தாயோ பாட்டியோ முன்பே வந்து நிற்பது நம் பொறுப்பு. ஒவ்வொரு நடை முடிந்ததும் டிரைவர் கடைசி சீட் வரை போய்ப் பார்க்க வேண்டும். வேனில் உறங்கிவிட்ட சிறு பிள்ளையைப் பூட்டிவிட்டுப் போனால் வெயிலில் சிறிது நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து.

அரைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்

பெற்றோரும் டிரைவரும் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதிக் கையெழுத்திடுங்கள். கட்டணம் எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு என்பது முதலாவது. ஏப்ரலில் பாதி மாதம் ஓடினால் முழுக் கட்டணமா, பாதியா என்பதில்தான் அதிகம் மனக்கசப்பு வருகிறது. நடைக்கு அதிகபட்சம் எத்தனை பிள்ளைகள் என்பது இரண்டாவது. டிரைவருக்கு உடம்பு முடியாத நாளில் யார் ஓட்டுவார் என்பது மூன்றாவது. லைசென்ஸ் இல்லாத தம்பியோ மருமகனோ ஓட்டக்கூடாது, ஆள் மாறினால் முன்பே போன் வர வேண்டும். பிள்ளையை வாங்கிக்கொள்ளும் பெரியவர் யார் என்பது நான்காவது. நண்பகலில் விடும் மழலையர் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால், வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் யார் அழைத்து வருவது என்பதையும் இதிலேயே சேர்த்துவிடுங்கள். அவசரமாக வண்டியை விரட்ட வேண்டியிருக்காது.

கட்டணத்தைக் குறைக்க நேர்மையான வழி ஒன்று உண்டு. ஒரே தெருவின் ஐந்து பிள்ளைகள் ஒரே ஆட்டோவில் சேர்ந்து, தெருமுனையில் ஒரே இடத்தில் ஏறினால் சுற்றும் தூரம் குறையும். நாளுக்கு எட்டு கிலோமீட்டர் குறைந்தாலே மாதம் 700 ரூபாய் பெட்ரோல் மிச்சம், அது பத்துப் பிள்ளைகளுக்குத் தலைக்கு 70 ரூபாய். அதற்கும் இயலாத குடும்பங்கள் கூச்சப்படாமல் நம் அலுவலகத்தில் சொல்லுங்கள். பிள்ளையை ஆறாவது ஆளாக ஏற்றி அனுப்புவதைவிட, கட்டணத்தில் ஒரு பகுதியை அறக்கட்டளை ஏற்றுக்கொள்வதே நல்லது. பிள்ளைகள் டிரைவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவருடைய கூலியும் நம்மிடம் உள்ள அமானிதம்தான்.

வஸ்ஸலாம்.
செயலாளர்