அடுத்தவர் போஸ்டுக்குக் கீழே கிடக்கும் நம் பழைய கமென்ட்கள்: தேடி அழிக்க அக்கா சொல்லும் வழி

தங்கச்சிமாரே, நாமே போட்ட போஸ்டை அழிப்பது பெரிய வேலையில்லை. நம் பக்கத்தைத் திறந்தால் எல்லாம் வரிசையாகக் கிடக்கும். மற்றவர்களின் போஸ்டுக்குக் கீழே எழுதியதுதான் தலைவலி. பள்ளிக்கூடப் பக்கம், தோட்டத்து இளைஞர் குரூப், வெளிநாட்டு வேலை விளம்பரம், சம்பளப் போராட்டச் செய்தி, யாரோ ஒருத்தியின் கல்யாணப் படம் என்று பத்து வருஷத்தில் எங்கெங்கோ எழுதியிருப்போம். பேஸ்புக், யூடியூப், பழைய வலைப்பூக்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டும் பட்டியல் எங்கேயும் கிடையாது. அதை நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு விஷயத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பிரைவசி செட்டிங் அடுத்தவர் போஸ்டில் செல்லாது. அந்தப் போஸ்டை யாரெல்லாம் பார்க்க முடியுமோ அவர்களெல்லாம் உங்கள் கமென்ட்டையும் பார்ப்பார்கள். `Limit past posts` அழுத்திவிட்டு எல்லாம் மறைந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். அது உங்கள் சொந்தப் போஸ்டுகளுக்கு மட்டும்தான்.

எல்லாவற்றையும் அழிக்கத் தேவையில்லை என்பது என் கட்சி. “வாழ்த்துகள் அக்கா” என்று எழுதியது கிடந்துவிட்டுப் போகட்டும். முதலில் போக வேண்டியது போன் நம்பர், அடையாள அட்டை எண், பாஸ்போர்ட் விவரம், பரீட்சைச் சுட்டெண், அப்புறம் இருக்கும் இடம். டவுனில் வீட்டைத் தேடுபவனுக்குத் தெருவும் இலக்கமும் வேண்டும். லயத்தில் அதெல்லாம் தேவையில்லை. பெயர், தோட்டம், டிவிஷன் மூன்றும் தெரிந்தால் பஸ்ஸை விட்டு இறங்கி யாரையாவது கேட்டே வாசலுக்கு வந்துவிடலாம். அதனால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு “நான் இன்ன தோட்டம், மேல் டிவிஷன்” என்ற வரி போன் நம்பருக்குச் சமம்.

பேஸ்புக்கிலிருந்து தொடங்குவோம். அங்கே `Activity log` என்று ஒன்று இருக்கிறது, அதற்குள் `Comments and reactions`, அதற்குள் `Comments`. நீங்கள் எழுதியவை தேதி வரிசையில் வரும். ஆனால் பத்து வருஷத்தை விரலால் தள்ளித் தள்ளி யாராலும் பார்த்து முடிக்க முடியாது, மலைக்காட்டு சிக்னலில் அது பாதியில் நின்றும் விடும். ஆகவே முதலில் உங்கள் கணக்கின் நகலை எடுத்துக்கொள்ளுங்கள். `Accounts Center` போய் `Your information and permissions` திறந்தால் `Export your information` இருக்கும். சில போன்களில் அதே இடத்தில் `Download your information` என்று இருக்கும். எல்லாவற்றையும் கேட்காதீர்கள், படமும் வீடியோவும் சேர்ந்து வந்து டேட்டா கார்ட் முழுவதையும் விழுங்கிவிடும். கமென்ட்களும் குரூப்களும் மட்டும் போதும். தேதிக்கு `All time` கொடுங்கள், இல்லாவிட்டால் கடைசிக் கொஞ்ச காலம் மட்டும் வந்து மற்றதெல்லாம் இல்லை என்று நினைத்துவிடுவீர்கள்.

ஃபைல் வகை கேட்கும்போது `HTML` என்று கொடுங்கள், `JSON` வேண்டாம். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது முக்கியம். `JSON` ஃபைலில் பேஸ்புக் தமிழ் எழுத்தைச் சிதைத்துத்தான் தருகிறது. ‘ஊவா’ என்று நீங்கள் எழுதியது அதில் இப்படித்தான் இருக்கும்:

```
\u00e0\u00ae\u008a\u00e0\u00ae\u00b5\u00e0\u00ae\u00be
```

இதற்குள் ‘ஊவா’ என்று தேடினால் ஒன்றுமே கிடைக்காது. நாம் எழுதவே இல்லை என்று தோன்றும். `HTML` ஃபைலில் தமிழ் தமிழாகவே இருக்கும். தயாரானதும் அறிவிப்பு வரும். தரவிறக்க லிங்க் சில நாளில் காலாவதியாகிவிடும், அதனால் டவுனுக்குப் போகிற அன்று இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

இப்போது ஒரு கணக்கை வைத்துச் செய்து பார்ப்போம். பசறைப் பக்கத்துப் பிள்ளை, 2012இல் கணக்குத் தொடங்கியவள், இப்போது வேலைக்கு விண்ணப்பிக்கிறாள் என்று வையுங்கள். ஃபைலைக் கணினியில் திறந்து `Ctrl+F` அழுத்தி முதலில் 077, 071, 076, 075 என்று தேட வேண்டும். பிறகு +94. அதற்குப் பிறகு தோட்டத்தின் பெயர். அதைத் தமிழில் ஒரு முறை, இங்கிலீஷ் எழுத்தில் ஒரு முறை. அந்தக் காலத்தில் போனில் தமிழ் கீபோர்ட் இல்லாமல் `thottam`, `division`, `enga estate` என்றுதானே எழுதித் தள்ளினோம்? தமிழில் மட்டும் தேடினால் 2015க்கு முந்தியது பாதி தப்பிவிடும்.

அவளுக்கு நான்கு கமென்ட் கிடைக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்த அன்று, ஒரு செய்திக்குக் கீழே உறவினர்களைத் தேடிப் போட்ட நம்பர். வெளிநாட்டு வேலை விளம்பரத்துக்குக் கீழே நம்பரோடு பாஸ்போர்ட் எண். ரிசல்ட் வந்த நாளில் எழுதிய சுட்டெண். 2018 கடைசியில் ஆயிரம் ரூபாய்ச் சம்பளப் போராட்டத்தின்போது ஒரு தலைவரைத் திட்டியது. ஃபைல் உங்களுக்கு வார்த்தையையும் தேதியையும்தான் தரும், அந்தப் போஸ்டுக்குப் போகும் லிங்க் பெரும்பாலும் இருக்காது. இந்த நான்கு தேதியையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மறுபடி `Activity log` போய், தேதி வடிகட்டியில் அந்த வருஷத்தையும் மாதத்தையும் கொடுங்கள். ஒரு நாள் முன்பின்னாகப் பாருங்கள். வந்ததும் டிக் போட்டு அழித்துவிடலாம். ஒரேயடியாக நூறைத் தேர்ந்தெடுத்தால் பாதியில் பிழை காட்டி நிற்கலாம். கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து, முடிந்ததும் பக்கத்தைப் புதுப்பித்து உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள்.

ஃபைலே எடுக்க முடியாதவர்களுக்கும் இந்த முறை உதவும். நமக்கு வருஷம் நினைவில் இருக்காது, சம்பவம் இருக்கும். மீரியபெத்தை, ஆயிரம் ரூபாய் வர்த்தமானி வந்த 2021 மார்ச், போராட்டக்காரர்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் போன 2022 ஜூலை 9, உங்கள் ஓ.எல்., ஏ.எல். ரிசல்ட் நாள். நாம் கை வேகமாக எழுதிய மாதங்கள் இவைதான். அந்த மாதங்களை மட்டும் வடிகட்டிப் பார்த்தாலே முக்கால்வாசி அகப்படும்.

குரூப்பில் எழுதியவை தனி. `Activity log`இல் குரூப்களுக்கென்று வேறு தலைப்பு இருக்கும், அதையும் திறக்க வேண்டும். நீங்கள் விலகி வந்த மூடிய குரூப்பில் கமென்ட் அப்படியே இருக்கும், விலகியதால் அது போவதில்லை. பட்டியலில் வந்தால் அங்கேயே அழித்துப் பாருங்கள். முடியாவிட்டால் திரும்பச் சேர வேண்டும், அல்லது அட்மினிடம் சொல்ல வேண்டும். உங்களை ப்ளொக் பண்ணியவரின் போஸ்டில் எழுதியதற்கும் பொதுவான தோழி ஒருத்தியின் உதவி தேவைப்படலாம். போஸ்டின் சொந்தக்காரரோ அட்மினோ எந்தக் கமென்ட்டையும் எடுத்துவிட முடியும் என்பதை மறக்காதீர்கள்.

யூடியூப் இதைவிட எளிது. கூகுள் கணக்கில் நுழைந்து இந்த முகவரிக்குப் போங்கள்:

```
myactivity.google.com/page?page=youtube_comments
```

நீங்கள் எழுதிய கமென்ட் எல்லாம் அங்கே வரும், அங்கிருந்தே அழிக்கலாம். வீடியோ பார்த்த வரலாற்றை அழித்தால் கமென்ட்டும் போகும் என்று நினைப்பவர்கள் உண்டு. போகாது. இரண்டும் வேறு. நேரலையில் எழுதிய சட்டுக்கும் தனிப் பட்டியல் இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் `Your activity` என்பதற்குள் கமென்ட்களைப் பார்க்கலாம், அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

உண்மையிலேயே பட்டியல் இல்லாதது பழைய வலைப்பூக்களும் செய்தித் தளங்களும். பெயரும் மெயிலும் மட்டும் கொடுத்து எழுதிய இடங்கள் அவை. இங்கே உங்கள் மெயில் பெட்டிதான் பட்டியல். `noreply-comment@blogger.com`, `notifications@disqus.net` என்று மெயிலில் தேடிப் பாருங்கள். யாராவது பதில் எழுதியபோது வந்த அறிவிப்பு இருந்தால் அதற்குள்ளேயே பக்கத்தின் லிங்க் இருக்கும். புளொகரில் கூகுள் கணக்கால் எழுதியிருந்தால், அதே கணக்கில் நுழைந்து அந்தப் பக்கத்தைத் திறந்ததும் உங்கள் கமென்ட்டுக்குக் கீழே அழிக்கும் குறி தெரியும். கணக்கில்லாமல் எழுதியதற்குத் தள உரிமையாளருக்கு எழுத வேண்டும். வேர்ட்பிரஸ் தளமென்றால் சொல்லில் கவனம்: 2018இல் வந்த தனிநபர் தரவு அழிக்கும் வசதி, உங்கள் பெயரையும் மெயிலையும் எடுத்துவிட்டு எழுதியதை அப்படியே விட்டுவிடும். போன் நம்பர் வாக்கியத்துக்குள் இருந்தால் அது அங்கேயேதான் நிற்கும். அதனால் “என் தரவை நீக்குங்கள்” என்று எழுதாமல், பக்கத்தின் லிங்க், தேதி, கமென்ட்டின் முதல் வரி எல்லாம் கொடுத்து, “இந்தக் கமென்ட்டை முழுதாக நீக்குங்கள்” என்று எழுதுங்கள். அழித்த பிறகும் கூகுள் தேடலில் பழைய வரி தெரிந்தால், கூகுளின் `Refresh Outdated Content` பக்கத்தில் லிங்க்கைக் கொடுத்தால் புதுப்பித்துவிடுவார்கள்.

பழைய சிம்மில் திறந்து மறந்துபோன இரண்டாவது கணக்கு பலருக்கு இருக்கும். அந்த நம்பர் இன்று வேறொருவர் கையில் இருக்கலாம், அப்படியானால் மீட்புக் குறியீடும் அவர் போனுக்கே போகும். மெயிலாவது சேர்த்திருந்தால் அதன் வழியாக உள்ளே போங்கள். போக முடிந்தால் கமென்ட் கமென்ட்டாகத் தேடாமல் கணக்கையே நிரந்தரமாக நீக்கிவிடுவது நல்லது, எழுதியதும் அதோடு போகும். 30 நாளுக்குள் திரும்ப நுழைந்தால் நீக்கம் ரத்தாகிவிடும், சும்மா எட்டிப் பார்க்கப் போகாதீர்கள். முழுதாக அழிய 90 நாள் வரை ஆகலாம்.

அழிக்கும் முன் ஒன்று. பேஸ்புக்கிலும் யூடியூப்பிலும் உங்கள் கமென்ட்டை எடுத்தால் அதற்குக் கீழே மற்றவர்கள் எழுதிய பதில்களும் சேர்ந்து போய்விடும். அங்கே யாராவது உங்களை அசிங்கமாக எழுதியிருந்தால், மிரட்டியிருந்தால், அது உங்கள் சாட்சி. பெயர், தேதி, லிங்க் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகுதான் அழிக்க வேண்டும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. நீங்கள் எழுதியதைப் பற்றி ஏற்கெனவே பொலிஸ் முறைப்பாடு இருந்தால் கை வைக்காதீர்கள், முதலில் சட்டத்தரணியைக் கேளுங்கள். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்த பிறகு எழுதியது அழித்தது இரண்டையுமே விளையாட்டாக எடுக்க முடியாது. யாராவது எடுத்து வைத்துக்கொண்ட ஸ்கிரீன்ஷாட்டை இந்த வழி எதுவும் அழிக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, பள்ளிக்கூடப் பக்கத்தையோ தோட்டத்து குரூப்பையோ நடத்துகிற தம்பி தங்கைமாருக்கு: “அண்ணா, என் பழைய கமென்ட் ஒன்றை எடுத்துவிடுங்கள்” என்று ஒரு பிள்ளை மெசேஜ் போட்டால் காரணம் கேட்காதீர்கள். எடுத்துவிட்டு, “எடுத்தாச்சு” என்று மட்டும் பதில் போடுங்கள்.