‘வயலன்ட்’ என்று எழுதினால் போதுமா?

கேள்வி: தனியார் மனநல மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். நைட் ஷிப்டில் முப்பது நோயாளிகளுக்கு நாங்கள் இரண்டு பேர்தான். யாராவது முரண்டு பிடித்தால் கட்டிவிட்டு, ‘பேஷன்ட் வயலன்ட், கட்டப்பட்டார்’ என்று நோட்ஸில் எழுதுகிறோம். இது போதுமா?

போதாது, சிஸ்டர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 97ஆம் பிரிவைப் படியுங்கள். உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் கட்டலாம். அதற்கும் சிகிச்சை தரும் மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும். தண்டனையாகக் கட்டக்கூடாது. ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டியும் கட்டக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. தனியறையில் அடைப்பது அறவே கூடாது.

‘வேறு வழியில்லை’ என்பதற்கு ஆதாரம் உங்கள் நோட்ஸ்தான். நான் பார்த்த ஓர் இளைஞர் கதவை உதைத்துக் கத்திக்கொண்டிருந்தார். கட்டுவதற்குத் துணிப்பட்டை வந்துவிட்டது. அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி இருந்தது. அவர் சாப்பிட்டுவந்த மாத்திரைகளால் சிறுநீர் அடைத்திருந்தது. கதீட்டர் போட்ட அரை மணியில் தூங்கிப்போனார். அன்று கட்டியிருந்தால் வலியையும் சேர்த்துக் கட்டியிருப்போம். அதனால் வலி, தாகம், காய்ச்சல், கழிவறை இவற்றை முதலில் பாருங்கள். ஒருவர் மட்டும் பேசுங்கள், மற்றவர்கள் விலகி நில்லுங்கள். மாத்திரையை வாயால் சாப்பிடக் கேட்டுப் பாருங்கள்.

அப்படியும் முடியாவிட்டால் இப்படி எழுதுங்கள்: ‘10.40: நாற்காலியைப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் மீது வீசினார். 10.45: தண்ணீர் கொடுத்தோம், அம்மாவுடன் போனில் பேசவைத்தோம். 10.55: மாத்திரையைத் துப்பினார். 11.00: மறுபடி அடிக்கப் பாய்ந்தார். 11.05: டாக்டர் அனுமதியுடன் இரு மணிக்கட்டுகளும் துணிப்பட்டையால் கட்டப்பட்டன, மல்லாந்த நிலை. 11.35: அமைதியானார், அவிழ்த்தோம்.’ இடையில் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு, நாடி, விரல்களின் நிறம் பார்த்ததையும் எழுதுங்கள். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி வேண்டும். குப்புறப் போட்டு அழுத்தவே கூடாது, மூச்சு நின்றுவிடும்.

ஊசி போட்டு அடக்குவதும் கட்டுவதுதான். 97ஆம் பிரிவு உடலைக் கட்டுவதைத்தான் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அதற்காக ஊசியைக் கணக்கில் சேர்க்காமல் விடாதீர்கள். நோய்க்காகவா, வார்டு அமைதிக்காகவா என்று ஒரு வரியில் காரணம் எழுதச் சொன்னால் பல ஊசிகள் தானாகவே நின்றுவிடும். ஹாலோபெரிடால் போட்ட பிறகு கழுத்து திருகிக்கொண்டாலோ கண் மேலே செருகினாலோ அது முரண்டு அல்ல, மருந்தின் பக்கவிளைவு. உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கட்டிய ஒவ்வொரு முறையும் நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். மாதாமாதம் மனநல மறுஆய்வு வாரியத்துக்கும் அறிக்கை போக வேண்டும். ஆள் போதவில்லை என்பதை நிர்வாகத்துக்குத் தனியாக எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கிலியை எந்த வடிவிலும் 95ஆம் பிரிவு தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.