வாரிசு சான்றிதழில் ஆறு பெயர்கள்: பங்கு யாருக்கு, ஏற்பு எங்கே?

கேள்வி: தமிழ்நாட்டில் உயில் எழுதாமல் காலமான இந்து ஒருவருக்கு வட்டாட்சியர் வழங்கிய வாரிசு சான்றிதழில் அவருடைய தாய், மனைவி, மூத்த மகன், திருமணமான மகள், முன்பே இறந்துவிட்ட இளைய மகனின் மனைவி, அந்த மகனின் மகள் என ஆறு பெயர்கள் உள்ளன. அவர் சொந்தமாகச் சம்பாதித்த வீட்டில் ஆறு பேருக்கும் சமபங்கு உண்டா? மின் இணைப்பைப் பெயர்மாற்றம் செய்ய இந்தச் சான்றிதழை ஏற்றுக்கொண்டார்கள். வங்கியோ வைப்புத்தொகைக்கு நீதிமன்றச் சான்றிதழைக் கேட்கிறது. ஏன் இந்த வேறுபாடு?

பதில்: சமபங்கு இல்லை. வாரிசு சான்றிதழ் என்பது ஒருவர் இறந்த நாளில் அவருக்கு யார் யார் என்ன உறவில் இருந்தார்கள் என்பதைக் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்துத் தந்த அறிக்கையின் பேரில் வருவாய்த் துறை வழங்கும் ஆவணமே தவிர, சொத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஆவணம் அன்று. அதனால்தான் அதில் பெயரும் உறவும் வயதும் இருக்கின்றனவே ஒழிய, பங்கின் அளவைக் குறிக்கும் பத்தி எதுவும் இருப்பதில்லை. பங்கைச் சொல்வது இறந்தவருக்குப் பொருந்தும் வாரிசுரிமைச் சட்டம்; இங்கே அது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம்.

அச்சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்து முதலில் 'முதல் வகுப்பு வாரிசுகள்' எனப்படுவோருக்குச் சேர்கிறது. மகன், மகள், மனைவி, தாய் ஆகியோரும், முன்பே இறந்துபோன மகன் அல்லது மகளின் பிள்ளைகளும், முன்பே இறந்த மகனின் மனைவியும் இவ்வகுப்பினர். தந்தை இதில் இல்லை. அவர் அடுத்த வகுப்பினர் என்பதைப் பல குடும்பங்கள் அறிவதில்லை. மகளுக்குத் திருமணமாகியிருப்பது அவருடைய பங்கைக் குறைக்காது. முன்பே இறந்த மகனின் கிளையினர் எத்தனை பேராக இருந்தாலும், அம்மகன் உயிருடன் இருந்திருந்தால் பெற்றிருக்கக்கூடிய ஒரே பங்கைத்தான் தமக்குள் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று 10ஆம் பிரிவு விதிக்கிறது. ஆகவே வாசகர் குறிப்பிடும் வீடு ஆறாக அல்ல, ஐந்தாகப் பிரிகிறது: தாய், மனைவி, மூத்த மகன், மகள் ஆகியோருக்கு ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு, எஞ்சிய ஐந்தில் ஒரு பங்கு இளைய மகனின் மனைவிக்கும் மகளுக்கும் பாதி பாதியாக, அதாவது ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு. (பூர்வீகக் கூட்டுச் சொத்தாக இருந்தால், முதலில் அதில் இறந்தவருடைய பாகம் எவ்வளவு என்று வகுத்த பிறகே இந்தக் கணக்கு தொடங்கும்.)

இந்தக் கணக்கு முழுவதும் 'முன்பே இறந்த' என்ற சொல்லில் தங்கியிருக்கிறது. எனவே சான்றிதழைக் கையில் எடுத்தவுடன் இரு இறப்புச் சான்றிதழ்களின் தேதிகளை அருகருகே வைத்துப் பார்ப்பது அவசியம். இளைய மகன் தந்தைக்கு ஒரு மாதம் பின்னர் இறந்திருந்தாலும் கணக்கு மாறிவிடும். தந்தை இறந்த நொடியிலேயே ஐந்தில் ஒரு பங்கு இளைய மகனுக்கு உரிமையாகிவிடுவதால், அது பின்னர் அவருடைய வாரிசுகளான மனைவி, மகள், தாய் ஆகிய மூவருக்கும் ஆளுக்குப் பதினைந்தில் ஒரு பங்காகச் செல்லும். அந்நிலையில் தந்தையின் சான்றிதழில் இளைய மகனின் பெயரே இடம்பெற வேண்டும். அவருக்கெனத் தனி வாரிசு சான்றிதழும் வேண்டும். இரண்டு இறப்புகளையும் ஒரே பட்டியலில் கலந்து எழுதிய சான்றிதழ், பார்வைக்கு முழுமையாகத் தோன்றினாலும், பின்னாளில் வீட்டை விற்க முற்படும்போது தடையாக நிற்கும்.

இறந்தவரின் தாய் விஷயத்திலும் இதே கவனம் தேவை. மகனுக்குப் பின் சில ஆண்டுகள் வாழ்ந்து அவரும் உயில் எழுதாமல் காலமானால், அவருக்குச் சேர்ந்த ஐந்தில் ஒரு பங்கு மருமகளிடமோ பேரப்பிள்ளைகளிடமோ மட்டும் தானாகத் திரும்பிவிடுவதில்லை. அவருடைய கணவர் முன்பே இறந்து, அவருக்கு இந்த மகனைத் தவிர ஒரு மகளும் இருந்தால், அந்தப் பங்கில் பாதி அம்மகளுக்கு, அதாவது இறந்தவரின் சகோதரிக்குச் சேரும். அந்தச் சகோதரியின் பெயர் இறந்தவரின் வாரிசு சான்றிதழில் எங்கும் இராது. அவர் கையெழுத்து இல்லாமல் எழுதப்படும் விற்பனைப் பத்திரத்தில் அவருடைய பங்கு விற்கப்படாமலே நிற்கும். வாங்கியவருக்கு வழக்கு வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இனி ஏற்பு பற்றிய கேள்வி. மின் இணைப்பு, சொத்து வரி, பட்டா ஆகியவற்றின் பெயர்மாற்றத்திலும், அரசு ஊழியர் இறந்தால் பணிக்கொடை போன்ற நிலுவைகளைக் கோருவதிலும், கருணை அடிப்படையிலான பணி நியமனத்திலும் அலுவலகம் அறிய விரும்புவது குடும்பத்தில் யார் யார் உள்ளனர் என்பதை மட்டுமே. அதற்கு வட்டாட்சியரின் சான்று போதுமானது. இவ்வாறு மாற்றப்பட்ட பட்டாவோ வரி ரசீதோ சொத்துரிமையை உண்டாக்குவதில்லை என்பதும், வாரிசுகளில் ஒருவர் பெயருக்கு மின் இணைப்பு மாறியதால் மற்றவர்களின் பங்கு அழியாது என்பதும் இங்கே நினைவில் கொள்ளத்தக்கவை.

வங்கியின் நிலை வேறு. வைப்புத்தொகை என்பது வங்கி இறந்தவருக்குத் திருப்பித் தர வேண்டிய கடன். தவறான நபரிடம் கொடுத்துவிட்டால் உண்மையான வாரிசுக்கு மீண்டும் கொடுக்க வேண்டிய இடர் வங்கிக்கு உண்டு. வட்டாட்சியரின் சான்று அந்த இடரிலிருந்து அதைக் காப்பதில்லை. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் வழங்கும் வாரிசுரிமைச் சான்றிதழ் காக்கிறது. அதைப் பெற்றவரிடம் நல்லெண்ணத்துடன் பணம் கொடுத்த கடனாளிக்கு அச்சட்டத்தின் 381ஆம் பிரிவு முழுப் பாதுகாப்பு அளிக்கிறது. வாரிசு நியமனம் எனப்படும் நாமினி பதிவு இருந்தால் வங்கி நாமினியிடம் பணத்தைக் கொடுத்துவிடும். ஆனால் நாமினி அதை வாரிசுகளுக்காகப் பெற்றுக்கொள்பவரே அன்றி உரிமையாளர் அல்லர். நாமினி இல்லாதபோது, குறிப்பிட்ட வரம்புக்கு உட்பட்ட தொகையை வாரிசு சான்றிதழ், ஈட்டுறுதிப் பத்திரம் ஆகியவற்றின் பேரில் வங்கிகள் தருவது உண்டு. தொகை வரம்பைத் தாண்டினாலோ வாரிசுகளுக்குள் தகராறு இருந்தாலோ நீதிமன்றச் சான்றிதழைக் கேட்கக்கூடும். அந்த நீதிமன்றச் சான்றிதழ் கடன்களையும் பங்குப் பத்திரம் போன்ற முதலீட்டுப் பத்திரங்களையும் மட்டுமே தொடும். வீட்டுக்கும் நிலத்துக்கும் அதனால் பயனில்லை.

இறந்தவர் கிறிஸ்தவராக இருந்திருந்தால் இதே ஆறு பெயர்களை வேறு விதமாகப் படிக்க வேண்டியிருந்திருக்கும். பிள்ளைகள் உள்ளபோது மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளை வழியினருக்கு மீதியும் செல்கின்றன. தாய்க்குப் பங்கே இல்லை. உயிருள்ள தாய் என்ற உறவு உண்மையாக இருந்தும் உரிமை இல்லாமற்போவதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

பட்டியலில் ஒருவர் விடுபட்டிருந்தால், குறிப்பாக முன்பே இறந்த மகளின் பிள்ளைகளோ தாயோ விடுபட்டிருந்தால், அவர்களுடைய சட்ட உரிமை அதனால் பறிபோவதில்லை. உறவை நிறுவும் பிறப்பு, இறப்பு, திருமண ஆவணங்களுடன் வட்டாட்சியரிடம் திருத்தம் கோரலாம். அவர் மறுத்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். திருமணம் செல்லுமா, ஒருவர் மகன்தானா என்பன போன்ற தகராறு எழுந்தால் வருவாய்த் துறை அதைத் தீர்க்க இயலாது. உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, அங்கே சாட்சியத்தின் பேரில் தீர்ப்புப் பெறுவதே வழி.