நடு உறுப்பைப் பிரிக்கும் செவ்வகம்

இயற்கணித ஓடுகள் மூவகைப்படும். பக்கம் x உடைய பெரிய சதுரம் x²-ஐயும், நீளம் x, அகலம் 1 உடைய பட்டை x-ஐயும், சிறு சதுரம் 1-ஐயும் குறிக்கும். பட்டையின் நீளம் சிறு சதுரங்களின் முழு மடங்காக இராதபடி ஓடுகளை வெட்டுவது நன்று. இல்லையெனில் x-க்கு ஓர் எண் மதிப்பு உண்டெனக் கண் மயங்கிவிடும்.

2x² + 7x + 6 என்னும் இருபடிக் கோவையைக் காரணிப்படுத்துவதாவது, 2 பெரிய சதுரங்கள், 7 பட்டைகள், 6 சிறு சதுரங்கள் ஆகியவற்றை இடைவெளியின்றி ஒரே செவ்வகமாக அடுக்குவதாகும். அச்செவ்வகத்தின் பக்கங்களே காரணிகள்.

பெரிய சதுரங்கள் இரண்டையும் அருகருகே வைத்து, அவற்றின் வலப்புறம் 3 பட்டைகளை நிறுத்தி, சதுரங்களுக்குக் கீழே வரிசைக்கு இரண்டாக 4 பட்டைகளைக் கிடத்தினால், மூலையில் 3 × 2 அளவுள்ள வெற்றிடம் எஞ்சும். 6 சிறு சதுரங்கள் அதில் சரியாகப் பொருந்தும். செவ்வகத்தின் அகலம் 2x + 3. உயரம் x + 2.

இங்கே 7 பட்டைகள் 4, 3 எனப் பிரிந்தன. இவற்றின் பெருக்கற்பலன் 12. முதற்கெழு 2, மாறிலி 6 ஆகியவற்றின் பெருக்கற்பலனும் 12. இது தற்செயல் அன்று. பக்கங்கள் px + q, rx + s எனில், இரு பட்டைத் தொகுதிகளில் ps, qr பட்டைகள் இருக்கும். அவற்றைப் பெருக்கினால் pr × qs கிடைக்கும். pr முதற்கெழு, qs மாறிலி.

இனி, பெரிய சதுரங்களுக்கும் நிறுத்திய பட்டைகளுக்கும் இடையே மேலிருந்து கீழாக ஒரு கோடு வரைந்தால் செவ்வகம் இரண்டாகும். இரு துண்டுகளுக்கும் உயரம் x + 2. இதையே குறியீட்டு முறை இவ்வாறு எழுதுகிறது:

2x² + 4x + 3x + 6
= 2x(x + 2) + 3(x + 2)
= (x + 2)(2x + 3)

பொதுக் காரணி என்பது இரு துண்டுகளுக்கும் பொதுவான அவ்வுயரமே. 7x-ஐ 5x + 2x எனப் பிரித்தால் x(2x + 5) + 2(x + 3) என அடைப்புகள் வேறுபடும். பிரிவு தவறு என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும்.

2x² + x − 6 என்பதற்கு ஒரே ஒரு பட்டைதான் உண்டு. மூன்று மிகைப் பட்டைகளையும் மூன்று குறைப் பட்டைகளையும் சேர்த்தாலன்றிச் செவ்வகம் நிறையாது. பெருக்கற்பலன் −12, கூடுதல் 1 உடைய எண்கள் 4, −3 எனக் குறியீட்டு முறை உடனே கூறிவிடும். காரணிகள் (x + 2)(2x − 3).

2x² + 7x + 4-இன் ஓடுகள் எவ்வாறு அடுக்கினும் செவ்வகமாகா. பெருக்கற்பலன் 8, கூடுதல் 7 உடைய முழுக்கள் இல்லை. ஆயினும் இதற்கு மெய் மூலங்கள் உண்டு; 7² − 4 × 2 × 4 = 17 மிகை எண் ஆதலால் மூலங்கள் மெய்யானவை, அது முழு வர்க்கம் அன்று ஆதலால் அவை விகிதமுறா எண்கள்.

பயிற்சி: 3x² + 10x + 8-க்குரிய செவ்வகத்தை வரைந்து, பட்டைகள் பிரியும் இடத்தைக் குறித்து, காரணிகளை எழுதுக.